இரண்டு விலை, ஒரு கெடு: துணி வாங்குமிடத்தில் நம் வாக்கு



ஏற்காடு மலையில் வெள்ளக்கடையிலிருந்து துணி வாங்கப் புறப்பட்டால், மலையை இறங்கிச் சேலம் வழியாக ஈரோட்டுக்குத்தான் போக வேண்டும். திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் அப்துல் கனி ஜவுளிச் சந்தையையும் அதைச் சுற்றியுள்ள மொத்த வியாபாரக் கடைகளையும் அறியாத தையற்கூடக்காரர் நம் பகுதியில் குறைவு. எங்கள் தையற்கூடம் சிறியது. நைட்டி தைத்துச் சேலத்துக் கடைகளுக்குக் கொடுப்பதே எங்கள் தொழில். அச்சிட்ட ரேயான் துணியைக் கையில் எடுத்துப் பார்த்து விலை கேட்டால், கடைக்காரர் பெரும்பாலும் இப்படித்தான் பதில் சொல்வார்:

“பாய், ரொக்கம் என்றால் மீட்டர் எழுபத்தெட்டு. முப்பது நாள் தவணை என்றால் எண்பது. மூவாயிரம் மீட்டருக்கு மேல் எடுத்தால் தவணையிலேயே எழுபத்தாறுக்குப் போடுகிறேன்.”

மூன்றே வாக்கியங்கள். ஒரு சிறு தையற்கூடத்தின் இலாபமும் நட்டமும் பெரும்பாலும் இவற்றுக்குள்தான் அடங்கியிருக்கின்றன. மார்க்கப் பேணுதலுள்ள ஒருவரின் மனத்தில் எழும் கேள்வியும் இவற்றுக்குள்தான் இருக்கிறது. ரொக்கத்துக்கும் தவணைக்கும் இடையிலுள்ள அந்த இரண்டு ரூபாய் வட்டியா? இக்கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாமல் நம்மில் பலர் இரு தவறுகளில் ஒன்றைச் செய்கிறோம். ஒரு சாரார் தவணை என்றாலே அஞ்சி, கூலிக்கு வைத்த பணத்தைத் துணியில் போட்டுவிட்டுத் தவிக்கிறார்கள். மற்றொரு சாரார், வட்டி என்ற சொல் பேச்சில் வராதவரை எல்லாம் சரியே என்று எண்ணிக் கெடுவைக் காற்றில் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் அந்த இரண்டு ரூபாயைப் பார்ப்போம். தவணைக்கு விற்கும்போது ரொக்க விலையைவிடக் கூடுதலாக விலை வைப்பதைப் பெரும்பான்மையான ஃபிக்ஹ் அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள். ஜித்தாவில் 1990இல் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் தீர்மானமும் அதுவே. ஆனால் அதில் ஒரு நிபந்தனை உண்டு. இரு விலைகளையும் சொல்லிப் பேரம் பேசலாம். பிரிவதற்கு முன் இரண்டில் ஒன்றை உறுதிசெய்துவிட வேண்டும். “எடுத்துப் போங்கள், சீக்கிரம் கொடுத்தால் எழுபத்தெட்டு, தாமதமானால் எண்பது, பிறகு பார்த்துக்கொள்வோம்” என்று விட்டுவிட்டால் எந்த விலைக்கு விற்பனை நடந்தது என்பதே தெரியாமல் போகிறது. அடுத்ததாக, உறுதிசெய்த விலை கெடு தாண்டினாலும் ஏறக் கூடாது. எண்பது ரூபாய் துணியின் விலை. முப்பத்தோராம் நாள் அதன்மேல் ஏறும் ஒவ்வொரு காசும் கடனின் விலை, அதுதான் வட்டி.

ஆகவே துணி வாங்குபவர் செய்ய வேண்டிய முதல் வேலை, பில் போடுவதற்கு முன்பே ஒரு விலையையும் ஒரு கெடுவையும் முடிவுசெய்வதுதான். “கெடு தாண்டினால் ஆண்டுக்கு இத்தனை சதவிகித வட்டி” என்ற வரி பல பில் புத்தகங்களில் முன்னரே அச்சாகியிருக்கும். அதை அடித்துவிடும்படி கேட்பதற்கு நாம் கூச வேண்டியதில்லை. “நாங்கள் வட்டி கொடுப்பதில்லை, ஆனால் கெடு தவற மாட்டோம்” என்று சொன்னபோது எந்தக் கடைக்காரரும் எங்களிடம் மறுத்ததில்லை. ஆனால் அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதியை நாம் காப்பாற்றியாக வேண்டும்.

இனி, ரொக்கமா தவணையா என்பதைக் கணக்காகப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க விலைகளை முழு எண்களாக எடுத்துக்கொள்கிறோம், வரியைச் சேர்க்கவில்லை. மாதம் 300 நைட்டி தைக்கும் கூடம் என்றால், ஒன்றுக்கு மூன்று மீட்டர் வீதம் மாதத்துக்கு 900 மீட்டர் துணி வேண்டும். இரண்டு மாதத் தேவை 1,800 மீட்டர். தவணை விலையில் அது 1,44,000 ரூபாய். ரொக்க விலையில் 1,40,400 ரூபாய். வேறுபாடு 3,600. முப்பது நாள் காத்திருப்புக்காகக் கடைக்காரர் வைத்திருக்கும் விலை அது. நம் பணம் சும்மா கிடக்கிறது என்றால் ரொக்கமே சிறந்தது. ஒரே மாதத்தில் இரண்டரை சதவிகித மிச்சம் என்பது சிறு வியாபாரத்தில் நல்ல தொகை. ஆனால் அந்தப் பணத்தில் நான்கு வாரக் கூலியும் அடங்கியிருக்கிறது என்றால் தவணையைத்தான் எடுக்க வேண்டும். தொழிலாளியின் வியர்வை உலர்வதற்கு முன் கூலியைக் கொடுக்கும்படி கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். 3,600 ரூபாயை மிச்சப்படுத்தக் கூலியைத் தள்ளிப்போடுவது நமக்குத் தகாது.

தவணை என்று முடிவுசெய்த பின், எத்தனை நாள் கேட்பது? இங்கேதான் பெரும்பாலோர் கணக்கில்லாமல் பேசுகிறோம். கடைக்காரர் முப்பது என்றால் நாற்பத்தைந்து கேட்பது, அவர் நாற்பது என்றால் அறுபது கேட்பது என்று ஏலம் போடுகிறோம். நம் பணம் திரும்பி வர எத்தனை நாளாகிறது என்பதைத்தான் முதலில் எண்ண வேண்டும். துணி பார்சல் லாரியில் சேலம் வந்து மலையேற மூன்று நாள். முதல் தொகுதியை வெட்டி, தைத்து, மடித்துக் கட்டப் பன்னிரண்டு நாள். வாங்கிய கடை பணம் தர இருபது நாள். ஆக முப்பத்தைந்து நாள். இந்நிலையில் முப்பது நாள் கெடுவை ஒப்புக்கொள்வது, தவறப்போகிறோம் என்று தெரிந்தே வாக்குக் கொடுப்பதாகும். நாற்பது நாள் கேட்டு, அதற்காக மீட்டருக்கு ஐம்பது காசு கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தாலும் அதுவே நேர்மையான பேரம். நாள் எண்ணிக்கை பில் தேதியிலிருந்தா, சரக்கு நம் கூடத்துக்கு வந்த நாளிலிருந்தா என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். மலையில் இருப்பவர்களுக்கு அந்த மூன்று நாள் சிறிதல்ல.

இதை எழுதும் தகுதி எங்களுக்கு வந்தது எங்கள் தவறிலிருந்துதான். தொழில் தொடங்கிய முதல் ஆண்டில் ஒரு வியாபாரியிடம் முப்பது நாள் கெடுவில் துணி எடுத்தோம். கொடுத்ததோ ஐம்பத்திரண்டாம் நாள். இடையில் அவர் இரண்டு முறை தொலைபேசியில் கேட்டார். “இன்ஷா அல்லாஹ் அடுத்த வாரம்” என்று இரண்டு முறையும் சொன்னோம். அவர் வட்டி கேட்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. அடுத்த முறை அதே துணிக்கு எங்களுக்கு எண்பத்திரண்டு ரூபாய் சொன்னார். பக்கத்தில் நின்ற வேறொரு தையற்காரருக்கு எண்பதுக்குப் போட்டார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவர் எங்கள் வாக்கை நம்பவில்லை. எங்களிடம் முப்பது நாள் என்றால் ஐம்பது நாள் என்று கணக்குப் போட்டு விலை வைத்துவிட்டார். வட்டியை வாயிலில் தடுத்துவிட்டோம் என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். அவருக்கு ஏற்பட்ட இழப்போ விலைக்குள் புகுந்து உள்ளே வந்திருந்தது. அதைவிட மனத்தை உறுத்தியது, அல்லாஹ் நாடினால் என்ற சொல்லைத் தட்டிக்கழிக்கும் சொல்லாக அவர் காதில் விழச் செய்தோம் என்பது.

வசதியுள்ளவர் கடனைத் தாமதிப்பது அநீதி என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ள நபிமொழியின் கருத்து. பேரத்தில் கிடைக்காத தள்ளுபடியைத் தாமதத்தால் எடுத்துக்கொள்வதும் இந்த அநீதியில் சேர்ந்ததுதான் என்று நாங்கள் கருதுகிறோம். உண்மையாகவே கையில் பணம் இல்லாதபோது கெடுவுக்கு முன்பே சென்று நிலையைச் சொல்லி, பாதியையாவது கொடுத்து, புதிய நாளைக் கேட்டு வாங்குவது வேறு. நெருக்கடியில் இருப்பவருக்கு அவகாசம் தரும்படி குர்ஆன் கடன் கொடுத்தவரிடம் சொல்கிறது. அந்த அவகாசத்தைக் கேட்டுப் பெற வேண்டுமே தவிர, நாமே எடுத்துக்கொள்ளக் கூடாது.

நாட்டின் சட்டமும் இவ்விஷயத்தில் வாங்குபவரைக் கட்டுப்படுத்துகிறது. குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006இன்படி, பதிவுபெற்ற குறு அல்லது சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கினால் எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது பதினைந்து நாளுக்குள்ளும், ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள்ளும் பணம் கொடுக்க வேண்டும். அந்த நாள் எப்படியும் நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டிக்கு வாங்கியவர் பொறுப்பாகிறார். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதியின்படி, இக்கெடு தாண்டி ஆண்டு முடிவில் நிற்கும் தொகையை அந்த ஆண்டின் செலவாகவும் காட்ட முடியாது. கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. நெசவு, சாயம், அச்சு என்று உற்பத்தி செய்பவர்களுக்குத்தான் உண்டு. எனவே துணி தருபவரின் உத்யம் பதிவுச் சான்றிதழைக் கேட்டு, அவர் உற்பத்தியாளரா வியாபாரியா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உற்பத்தியாளரிடம் அறுபது நாள் தவணை பேசி வாங்குவதைச் சாமர்த்தியம் என்று எண்ணினால், நாம் அஞ்சும் வட்டியைச் சட்டத்தின் வாயிலாக நாமே அழைத்து வருகிறோம்.

இதற்கு நேர்மாறான நிலை ஒன்றும் உண்டு. எண்பது ரூபாய்க்கு முப்பது நாள் கெடுவில் எடுத்துவிட்டோம். பத்தாம் நாளே கையில் பணம் வந்துவிட்டது. கடைக்காரர் அழைத்து, “பாய், இப்போதே கொடுத்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்” என்கிறார். இதை வாங்கலாமா? முன்கூட்டியே நிபந்தனையாகப் பேசி வைத்துக்கொண்டு, சீக்கிரம் கொடுப்பதற்காகக் கடனைக் குறைப்பதை நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மையான அறிஞர்கள் ஏற்கவில்லை. முன் ஒப்பந்தம் எதுவும் இல்லாமல், கொடுத்தவரும் பெற்றவரும் தமக்குள் பின்னர் பேசிக் குறைத்துக்கொள்வதை 1992இல் ஜித்தாவில் கூடிய அதே அகாடமி அனுமதித்தது. ஆகவே “ஏழு நாளில் கொடுத்தால் இரண்டு சதவிகிதம் கழிவு” என்று பில்லில் அச்சிட்டு வருவதும், கடைக்காரர் பின்னர் மனமுவந்து குறைப்பதும் ஒன்றல்ல. சீக்கிரம் கொடுக்க முடியும் என்று முன்பே தெரிந்தால் ரொக்க விலையையே பேசி முடிப்பது ஐயத்துக்கு இடமில்லாத வழி. உங்கள் மத்ஹபின் ஆலிம் ஒருவரிடம் உங்கள் பில்லையே காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி மூன்றாம் வாக்கியத்துக்கு வருவோம். மூவாயிரம் மீட்டர் எடுத்தால் எழுபத்தாறு. மீட்டருக்கு நான்கு ரூபாய் மிச்சம். மொத்தம் 12,000 ரூபாய். கேட்கும்போது மனம் சொக்கிவிடும். ஆனால் நம் கூடம் மாதம் 900 மீட்டர்தான் தைக்கிறது. முப்பதாம் நாள் 2,28,000 ரூபாய் கொடுக்க வேண்டிய கெடு வரும்போது, 2,100 மீட்டர், அதாவது பத்தில் ஏழு பங்கு துணி, தைக்கப்படாமல் அடுக்கில் இருக்கும். விற்காத பொருளுக்கு எங்கிருந்து பணம் வரும்? இங்கேதான் வங்கிக் கடனும் கைமாற்று வட்டியும் பல குடும்பங்களுக்குள் நுழைகின்றன. நான்கு ரூபாய்த் தள்ளுபடி வட்டிக்கு வாசற்படியாகிவிடுகிறது.

தேக்கத்தின் கணக்கையும் பாருங்கள். மூவாயிரம் மீட்டரை முடிக்க மூன்று மாதத்துக்கு மேலாகும். அதற்குள் அச்சு வடிவம் பழசாகும். அதோடு எங்கள் மலையில் மூடுபனியும் மழையும் ஈரமும் உண்டு. அடுக்கி வைத்த துணியில் பூஞ்சணம் புள்ளி புள்ளியாக விழும். அப்படிக் கழிந்த துணியை மீட்டர் 55 ரூபாய்க்குத் தள்ளிவிட வேண்டி வந்தால், ஒவ்வொரு மீட்டரிலும் கொள்முதலில் 21 ரூபாய் நட்டம். எதிர்பார்த்த நான்கு ரூபாய் மிச்சமும் போகிறது. ஆக மீட்டருக்கு 25 ரூபாய். 12,000 ரூபாய் மிச்சத்தை 25ஆல் வகுத்தால் 480. இரண்டு மாதத் தேவைக்கு மேல் வாங்கிய 1,200 மீட்டரில் 480 மீட்டர் கழிந்தாலே தள்ளுபடி முழுவதும் கரைந்துவிடும். அதற்கு மேல் கழிவது ஒவ்வொன்றும் கைநட்டம். எவ்வளவு மிச்சம் என்று கேட்பதோடு, எத்தனை மீட்டர் கழிந்தால் மிச்சம் போய்விடும் என்றும் கேட்டுப் பார்த்தால் பெரும்பாலான மொத்தத் தள்ளுபடிகள் தம் கவர்ச்சியை இழந்துவிடும்.

அப்படியானால் சிறியவர்களுக்குத் தள்ளுபடியே இல்லையா? உண்டு. கடைக்காரர் ஏன் குறைக்கிறார் என்பதை அறிந்து பேச வேண்டும். அவருக்கு வேண்டியது இரண்டு. தானை வெட்டாமல் முழுதாகப் போக வேண்டும். அடுத்த மாதமும் இந்த ஆள் வருவான் என்ற நிச்சயம் வேண்டும். இவ்விரண்டையும் ஒரே நாளில் மூவாயிரம் மீட்டர் எடுக்காமலே நம்மால் கொடுக்க முடியும். நாங்கள் இப்போது பேசுவது இப்படி: மூவாயிரம் மீட்டரை நான்கு முறையாக, முறைக்கு 750 மீட்டர், முழுத் தான்களாக எடுக்கிறோம். முதல் இரண்டு முறைக்கு மீட்டர் 79 ரூபாய். அடுத்த இரண்டு முறைக்கு 75. ஒவ்வொரு முறைக்கும் தனிக் கெடு. துணியின் தரம் ஒன்றே. அச்சு வடிவத்தை மட்டும் அந்தந்த முறை வந்து தேர்ந்துகொள்கிறோம்.

மொத்தம் 2,31,000 ரூபாய் ஆகிறது. எண்பது ரூபாய் விலையோடு ஒப்பிட்டால் 9,000 மிச்சம். ஒரேயடியாக எடுத்திருந்தால் கிடைத்திருக்கும் 12,000இல் மூவாயிரத்தை விட்டுக்கொடுக்கிறோம். அதற்கு ஈடாக ஒரு கெடுவில் கொடுக்க வேண்டிய தொகை 2,28,000இலிருந்து அறுபதாயிரத்துக்குள் இறங்கிவிடுகிறது. தேக்கம் என்பதே இல்லாமல் போகிறது. கடைக்காரருக்கும் நட்டமில்லை. நாம் 1,500 மீட்டரை எடுத்து முடித்த பின்புதான் பெரிய தள்ளுபடி தொடங்குகிறது; பாதியில் நின்றுவிட்டால் அவர் விட்டுக்கொடுத்தது மீட்டருக்கு ஒரு ரூபாய்தான்.

சிலர் வேறு விதமாகப் பேசுவார்கள். எல்லா முறையும் எழுபத்தாறுக்குப் போடுகிறேன், மூவாயிரத்தை முடிக்காவிட்டால் பழைய பில்களுக்கும் சேர்த்து வேறுபாட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்பார்கள். முடிந்த விற்பனையின் விலை பின்னர் ஏறுகிறது என்பதால் இதை நாங்கள் தவிர்க்கிறோம். பொருளையும் பணத்தையும் இரண்டையுமே பிற்காலத்துக்கு வைத்து இன்றே விற்பனையை முடிப்பதையும் ஃபிக்ஹ் அறிஞர்கள் ஏற்பதில்லை. எனவே மூவாயிரம் மீட்டர் என்று எழுதுவதை வாக்குறுதியாக மட்டும் வைத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு முறையும் துணியைப் பார்த்து எடுக்கும்போது நடப்பதே விற்பனை. அதன் விலையும் கெடுவும் அன்றே உறுதியாகிவிடுகின்றன.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். விலை குறைந்தால் துணியின் அகலத்தை அளந்து பாருங்கள். 44 அங்குலம் என்று பேசிய துணி 42 அங்குலமாக வந்தால் நாலரை சதவிகிதம் குறைந்துவிட்டது. எண்பது ரூபாய்த் துணியில் அது மூன்றரை ரூபாய்க்கு மேல். பேரத்தில் பெற்ற இரண்டு ரூபாயைவிட அது அதிகம். தான் ஒன்றில் எழுதியிருக்கும் மீட்டரும் பிரித்து அளந்தால் வரும் மீட்டரும் ஒன்றுதானா என்று, ஒவ்வொரு வரத்திலும் இரண்டு மூன்று தான்களையாவது வெட்டுவதற்கு முன் அளக்க வேண்டும். குறை இருந்தால் அன்றே படத்துடன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கெடு நாள் வரை வாய்மூடி இருந்துவிட்டு, பணம் கொடுக்கும்போது குறையைச் சொல்லிக் கழிப்பது அளவில் மோசடி செய்வதற்கு ஒப்பானது. அளவில் குறைப்பது விற்பவருக்கு எப்படிக் குற்றமோ, அப்படியே பணத்தில் குறைப்பது வாங்குபவருக்கும் குற்றம்.

கெடு வைத்த கடனை எழுதிக்கொள்ளும்படி சொல்லும் பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமானது. அதை ஓதத் தெரிந்த நாம், ஒன்றரை இலட்ச ரூபாய்த் துணியை வாய்வார்த்தையில் எடுத்து வருகிறோம். அரைப் பக்கம் போதும். துணியின் வகை, அகலம், மீட்டர், விலை, கெடு நாள், அந்த நாள் எதிலிருந்து எண்ணப்படுகிறது, குறை கண்டால் எத்தனை நாளில் சொல்ல வேண்டும் என்பவற்றை எழுதி இருவரும் கையொப்பமிட்டால் பேரம் முடிந்தது. அண்ணன் தம்பி கடையானாலும், ஒரே ஜமாஅத்தைச் சேர்ந்தவரானாலும் எழுத வேண்டும். அவர்களிடம்தான் முதலில் எழுத வேண்டும். கெட்டுப்போனால் உறவும் சேர்ந்து கெடுவது அங்கேதான்.

எண்பத்திரண்டு சொன்ன அந்த வியாபாரியிடம் நாங்கள் இன்றும் துணி எடுக்கிறோம். ஆறு கெடுக்களைத் தவறாமல் காத்த பின், ஏழாம் முறை அவரே எண்பதுக்கு இறங்கினார். அன்று நாங்கள் பேரம் பேசவே இல்லை.

நம் கொடுக்கல் வாங்கலை வட்டியின் நிழலிலிருந்தும் வாக்கு மீறலிலிருந்தும் அல்லாஹ் காப்பானாக; நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.